இருபத்தொரு வீட்டு அதிரசம்

சாத்தூருக்குக் குடிவந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி போன் செய்தாள். "வீட்டு ஓனரைப் பத்தி ஒண்ணுமே எழுதலியே, பயந்துட்டியாக்கும்?" என்று கேட்டாள். பயமில்லை. அவரைப் பற்றி எழுத ஒரு வாரம் முழுதாக வேண்டும் என்றுதான் தள்ளி வைத்திருந்தேன்.

படியில் ஓடிய பாகு

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. பட்டாசு கம்பெனியில் அந்த சீசனின் கடைசி வேலை நாள். போனஸ் வாங்கிக்கொண்டு கம்பெனி வேனில் வந்து இறங்கினேன். மாடிப்படியில் கால் வைத்ததும் செருப்பு ஒட்டியது.

குனிந்து பார்த்தேன். மேலிருந்து படிப்படியாகப் பழுப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெல்லமும் ஏலக்காயும் மணத்தன.

ஓடி ஏறினேன். பூட்டிவிட்டுப் போன என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே, கையில் காலி வாளியோடு வீட்டுக்காரர் சேக் மைதீன் பாய் நின்றார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. அறையின் மூலையில், மணைப்பலகை மேல், நான் வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைத்திருந்த மண்பானை வாய் வரை தண்ணீரோடு இருந்தது.

அதில் இருந்தது அதிரச மாவு. நாலு கிலோ அரிசி. மூன்று நாளாக ஊறிப் பதமாகிக்கொண்டிருந்த மாவு.

"என்ன செஞ்சு வச்சிருக்கீக பாய்?" என்றேன்.

அவர் பானையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது... மருந்து இல்லியா?" என்றார்.

எங்கள் பக்கம் மருந்து என்றால் வைத்தியர் கொடுப்பது மட்டுமல்ல, வெடிக்குள் போவதும் மருந்துதான்.

வேனைப் பார்த்த நாள்

இந்தச் சண்டை அன்று தொடங்கியதல்ல. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் தாயில்பட்டியிலிருந்து சாத்தூர் வந்ததே மகள் பவித்ராவின் பன்னிரண்டாம் வகுப்புக்காக. பஸ்ஸில் போய் வந்ததில் பிள்ளைக்குப் படிக்க நேரமில்லாமல் போயிற்று. என் கணவர் லாரி ஓட்டுகிறார். சீசனில் பட்டாசு லோடு ஏற்றி வடக்கே போனால் திரும்பி வர நாள் கணக்காகும். ஆகவே வீடு தேடியது, பேசியது, சாமான் ஏற்றியது எல்லாம் நான்தான்.

பட்டாசு வேலை என்று சொன்னதும் ஆறு வீட்டில் கதவு சாத்தினார்கள். ஏழாவது வீட்டுக்குக் கூட்டிப்போன புரோக்கர், "நீங்க வாயைத் திறக்காதீக, நான் பேசிக்கிடுறேன்" என்றார். பேசினார். சேக் மைதீன் பாய் சாவியைக் கொடுத்தார். கீழே அவருடைய மாவு மில், அதற்குப் பின்னால் அவரும் மனைவி நூர்ஜகான் அக்காவும் குடியிருந்த வீடு. மாடி எங்களுக்கு.

வாயைத் திறக்காமல் இருந்தது என் தப்பு. இன்றைக்கும் அதை ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் வாரத்தில் பாய் கம்பெனி வேனைப் பார்த்துவிட்டார். நான் இறங்கும்போது என் முழங்கையில் வெள்ளி நிறத்தில் தூள் மின்னியது. புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற வேலை எனக்கு. எம்புட்டுத் தேய்த்துக் குளித்தாலும் அலுமினியத் தூள் எங்காவது ஒட்டிக்கொண்டு வரும். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யவும் என்று எழுதியிருந்தது.

நான் பெட்டியிலிருந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாக வாசித்தேன். பதினோரு மாத ஒப்பந்தம். அதற்குள் யார் முடிப்பதானாலும் இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

"ஒரு மாசம்னு எழுதியிருக்கீக. ரெண்டு மாசம்னு நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீக பாய். ரெண்டு மாசம்னாலும் நான் போறதா இல்ல. மார்ச்சுல பிள்ளைக்குப் பரீட்சை. அது முடிஞ்சு போறேன்."

"நீங்க சொல்லாம மறைச்சீகளே, அது மட்டும் ஒப்பந்தத்துல இருக்கா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் நான் போவதாக இல்லை. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அவர் மில் இருக்க, நான் மிளகாய் அரைக்க அடுத்த தெருவுக்குப் போனேன்.

தெருவும் அவர் பக்கம்தான் நின்றது. மொத்தம் இருபத்தொரு வீடு. குழாயடியில் நான் போய் நின்றால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். அப்படி ஒரு நாள் நின்றபோதுதான் முடிவு செய்தேன். வருகிற தீபாவளிக்கு இந்த இருபத்தொரு வீட்டுக்கும் அதிரசம் கொடுப்பது. வாங்குகிறவர்கள் வாங்கட்டும், சாத்துகிறவர்கள் சாத்தட்டும். நான் யார் என்று என் கையால் செய்ததைக் கொண்டு காட்டுவது.

வெள்ளைப் பொடி

அதிரசத்துக்கு அரிசி ஈரமாக அரைபட வேண்டும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வேட்டித் துணியில் நிழலில் பரப்பி வைப்பேன். கையில் அள்ளி மூடினால் அரிசி லேசாக ஒட்ட வேண்டும், தண்ணீர் தெரியக் கூடாது. அந்தப் பதத்தில் அரைத்துச் சலிக்க வேண்டும். பாயின் மில்லுக்குப் போக மனமில்லாமல் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தேன். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று மொட்டை மாடியில் உட்கார்ந்து நைலான் சல்லடையில் சலித்தேன்.

பக்கத்திலேயே நான் ஓய்வில் பட்டாசுக்காக உருட்டுகிற காகிதக் குழல்களைப் பசை காய அடுக்கி வைத்திருந்தேன். வெறும் காகிதமும் பசையும்தான். அதில் மருந்து கிடையாது. மருந்து போடுவது கம்பெனியில், லைசென்ஸ் உள்ள அறையில் மட்டும்தான்.

ஆனால் எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பட்டாசு வேலைக்காரி. வெள்ளைப் பொடி. சல்லடை. வரிசையாகக் குழல். மருந்து சலிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அவர் பாயிடம் போனில் சொல்லியிருக்கிறார். மறுபடி அந்தக் கடைசி வேலை நாளன்றும் போன் செய்து, "ஆளு இல்லாத நேரம் பாத்துப் போய்ப் பாருங்க, பானையில என்னமோ கட்டி வச்சிருக்கா, ஜன்னல் வழியாத் தெரியுது" என்றிருக்கிறார்.

பாய் மாற்றுச் சாவியோடு ஏறிவிட்டார். வேடு கட்டிய பானை. அவிழ்த்தால் உள்ளே கருஞ்சிவப்பாக, பசையாக, எண்ணெய் மினுமினுப்போடு ஒரு மாவு. மனிதர் கீழே ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டிவிட்டார். ஒரு வாளி இல்லை, மூன்று வாளி.

"தண்ணியா ஊத்துவாக?"

கோபம் எனக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். வந்தால் நிற்காது.

"நான் இல்லாதப்ப எப்படி உள்ள வந்தீக?"

"என் வீடு."

"உங்க வீடுதான். நான் குடியிருக்கிற வரைக்கும் உள்ள வாரதுக்கு என்கிட்ட கேக்கணும். வயசுப் பிள்ளை இருக்கிற வீடு பாய்."

அதோடு நான் விடவில்லை.

"சரி, மருந்துன்னே வச்சுக்கிடுவோம். மருந்து மேல தண்ணியா ஊத்துவாக? அலுமினியம் கலந்த மருந்துல ஈரம் பட்டா தன்னால சூடேறும். சூடேறி, புகைஞ்சு, பத்திக்கிடும். எங்க கம்பெனியில மழை ஒழுகுற இடத்துல மருந்தை வைக்கவே விடமாட்டாக. அன்னன்னைக்குக் கலந்ததை அன்னன்னைக்கே முடிக்கணும், மிச்சம் வச்சா ஈரம் இழுத்துரும். நெசமாவே இது மருந்தா இருந்திருந்தா, நீங்களும் இந்த வீடும் கீழ உங்க மில்லும் இப்ப இருந்திருக்காது. தெரியுமா?"

பாயின் முகம் வெளுத்தது. வாளியைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். நான் எதிர்பார்த்தது வேறு. திருப்பிக் கத்துவார், ஸ்டேஷனுக்கு வா என்பார் என்று நினைத்தேன். அவர் வாளியைக்கூட எடுக்காமல் எழுந்து இறங்கிப் போனார்.

சிறிது நேரத்தில் நூர்ஜகான் அக்கா துடைப்பமும் சாக்குத் துணியுமாக வந்தார். என்னைக் கேட்காமல் படியைக் கழுவத் தொடங்கினார். "நான் பாத்துக்கிடுறேன், விடுங்க" என்றேன். "எறும்பு வந்துரும்மா" என்றார். இருவரும் மேலிருந்து கீழே வரை கழுவினோம். மன்னிப்பு என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை.

பவித்ரா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பானையைப் பார்த்தாள். "அவ்வளவுதானாம்மா?" என்று கேட்டாள்.

"எவ்வளவுதான்? இன்னும் நாலு நாள் கெடக்கு" என்றேன்.

மிக்ஸி செய்த துரோகம்

மறுநாள் காலையிலேயே மறுபடி நாலு கிலோ பச்சரிசி ஊறப் போட்டேன். கம்பெனி லீவு. மண்டைவெல்லம் புதிதாக வாங்கிவந்தேன். அரிசியை வடித்து, மின்விசிறிக்குக் கீழே துணியில் பரப்பி, பதம் பார்த்து மிக்ஸியில் போட்டேன். இரண்டாவது ஈடு அரைபடும்போது மிக்ஸி கருகல் வாடையோடு நின்றது.

ஈர அரிசி காத்திருக்காது. அப்படியே விட்டால் காய்ந்துவிடும். காய்ந்த மாவில் அதிரசம் தட்டினால் கல். மூடி வைத்தால் புளித்துவிடும். மிச்ச அரிசியை ஒரு அன்னக்கூடையில் போட்டு ஈரத்துணியால் மூடி, தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த தெரு மில்லில் முறுக்கு மாவுக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. "ஈர அரிசியா? போட்டா அடைச்சுக்கிடும், இம்புட்டுப் பேரு நிக்காக. தீபாவளி முடிஞ்சு வாங்க" என்றார்கள். தீபாவளி முடிந்து எனக்கு எதற்கு? பஜார் மில்லுக்கு நடந்தேன். அங்கேயும் அதே பதில்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூடைத் துணியைத் தொட்டுப் பார்த்தேன். காயத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்து எங்கள் தெரு முனையில் நின்றேன். சேக் மைதீன் பாயின் மில் ஓடுகிற சத்தம் கேட்டது.

அவரிடம் கேட்கக் கூடாது என்று உறுதியாகத்தான் இருந்தேன். கேட்கவும் இல்லை. மில் வாசலைத் தாண்டித்தான் மாடிப்படிக்குப் போக வேண்டும். தாண்டும்போது அவர் கூடையைப் பார்த்தார்.

"அரிசியா?" என்றார். மூன்று மாதத்தில் அவர் தானாக என்னிடம் பேசிய முதல் சொல்.

"ஆமா."

"குடுங்க."

"உங்ககிட்ட மொளகா மெஷின்தான ஓடுது. காரம் ஏறிரும். வேண்டாம்."

அது உண்மை. அவரிடம் இரண்டு மெஷின். மாவு மெஷினின் மோட்டார் ரிப்பேருக்கு விருதுநகர் போயிருந்தது. மிளகாய், மல்லி அரைக்கிற மெஷின் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பாய் ஸ்விட்சை அணைத்தார். மில்லில் நின்ற நாலைந்து பேரிடம், "ஒரு மணி நேரம் ஆகும். இருக்கிறவங்க இருங்க, போறவங்க போய்ட்டு வாங்க" என்றார்.

கல்லைக் கழற்றியவர்

அந்த ஒரு மணி நேரத்தை நான் முழுதாகப் பார்த்தேன்.

ஸ்பேனர் எடுத்து மெஷினின் மூடியைக் கழற்றினார். அரைக்கிற கல்லை வெளியே எடுத்தார். பிரஷ் வைத்துக் கல்லின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒட்டியிருந்த மிளகாயைச் சுரண்டினார். தும்மினார், கண் சிவந்தது, துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி சுரண்டினார். மாவு விழுகிற துணிக்குழாயை அவிழ்த்து எறிந்துவிட்டு, வீட்டுக்குள் போய்ப் புதுக் காடாத் துணியில் தைத்த ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார். அது மாவு மெஷினுக்கென்று வைத்திருந்தது என்று பிறகு அக்கா சொன்னார்.

கல்லைப் பூட்டி, தன் வீட்டு அரிசிப் பானையிலிருந்து காய்ந்த அரிசி இரண்டு படி கொண்டுவந்து ஓடவிட்டார். இளஞ்சிவப்பாக மாவு விழுந்தது. ஒதுக்கினார். இன்னும் இரண்டு படி. சிவப்பு குறைந்தது. மூன்றாம் முறை விழுந்த மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "பாருங்க" என்றார்.

நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். காரம் இல்லை.

அதற்குப் பிறகுதான் என் அரிசியைத் தொட்டார். ஈர அரிசியை மொத்தமாகக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கையாக அள்ளித் தொட்டியில் விட்டார். சத்தம் மாறினால் நிறுத்தி, தட்டிவிட்டு, மறுபடி ஓட்டினார். கடைசிக் கை விழும்வரை யாரையும் கிட்ட விடவில்லை.

"ஈரம் காயறதுக்குள்ள பாகுல போட்டுருங்க" என்று கூடையை நீட்டினார்.

"தெரியும்" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது.

பாகு

அதிரசத்தில் எல்லாம் பாகுதான். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றினேன். பொங்கிப் பொங்கி அடங்கும்போது கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட வேண்டும். கரைந்தால் ஆகவில்லை. விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டையாகி, எடுத்தால் கையில் நிற்க வேண்டும். தட்டில் போட்டு டங்கென்று சத்தம் வந்தால் முற்றிப்போய்விட்டது, அது மிட்டாய்க்குத்தான் ஆகும்.

பதம் வந்ததும் இறக்கி, ஏலக்காய், சுக்கு, எள் போட்டு மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். நாலு கிலோ மாவு. பாதியில் என் கை நின்றுவிட்டது.

"தள்ளுங்க" என்று வாசலில் குரல். நூர்ஜகான் அக்கா. எப்போது ஏறி வந்தார் என்று தெரியாது. வாசலுக்கு வெளியே நின்று, "வரலாமா?" என்று கேட்டார். வாங்க என்றேன். புடவையைச் சொருகிக்கொண்டு துடுப்பை வாங்கினார். கிளறிக்கொண்டே, "எங்க வீட்டாளு ராத்திரி சாப்பிடலை" என்றார். நான் பாத்திரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னது காதில் விழுந்தது.

இரண்டு நாள் ஊறியது மாவு. மூன்று நாள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் பகலில் எண்ணெய் காயவைத்தேன். வாழையிலையில் எண்ணெய் தடவி, முதல் உருண்டையைத் தட்டிப் போட்டேன். போட்டதும் பூவாகப் பிரிந்து எண்ணெய் முழுக்க ஓடிற்று. பாகு கொஞ்சம் இளசு.

சலித்து எடுத்து வைத்திருந்த மாவில் இரண்டு கை சேர்த்துப் பிசைந்தேன். இரண்டாவது நின்றது. அடுப்பைத் தணித்து, மெதுவாகப் பொன்னிறத்துக்கு வேகவிட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயைப் பிழிந்தேன். பவித்ரா அடுக்க அடுக்க எண்ணினாள். நூற்றைம்பதைத் தாண்டியது. மாலையில் என் கணவர் லாரியை விட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது வீடே மணத்துக் கிடந்தது.

முதல் தட்டு

தீபாவளி காலை. குளித்து, விளக்கேற்றி, தட்டுகளை வரிசையாக வைத்தேன். முதல் தட்டு யாருக்கு என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. கடிதம் கொடுத்தவருக்குத்தான் முதலில். அந்தக் கடிதத்தையும் தட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

மில்லின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பாய் ஸ்டூலில் உட்கார்ந்து சல்லடை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"தீபாவளி அதிரசம் பாய். நீங்க அரைச்சுக் குடுத்த மாவு."

ஒன்றை எடுத்தார். சாப்பிடவில்லை. இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் சாப்பிடுங்க. நீங்க சாப்பிடாம எனக்கு எறங்காது."

நின்றபடியே இருவரும் தின்றோம். ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மெத்தென்று நன்றாகத்தான் வந்திருந்தது. அவர் முழுவதும் மென்று முடித்துவிட்டு, மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஊருக்கு வெளிய எனக்கு ஒரு குடோன் இருந்துச்சு" என்று தொடங்கினார். "அட்டைப்பெட்டி அடுக்கணும்னு ஒருத்தன் வாடகைக்குக் கேட்டான். குடுத்தேன். உள்ள வச்சு வெடி செஞ்சிருக்கான். லைசென்ஸ் ஒண்ணும் கெடையாது. ஒரு நாள் மத்தியானம் புகை தெரிஞ்சு ஓடுனேன். மோட்டாரைப் போட்டு தண்ணியாப் பீச்சினேன். தண்ணி பட பட ஏறுச்சும்மா தீ. ஏன்னு அன்னைக்குப் புரியலை. நீங்க சொல்லித்தான் புரிஞ்சது."

நான் தட்டைப் பக்கத்துப் பலகையில் இறக்கி வைத்தேன்.

"ரெண்டு பேரு போயிட்டாக. அதுல ஒண்ணு உங்க வயசு இருக்கும். தினமும் அந்தப் பிள்ளை தண்ணி கேட்டா குழாயைத் திறந்துவிடுவேன். என்னம்மா வேலை செய்யுதீகன்னு ஒரு நாளும் கேக்கலை. எடத்துக்காரன்னு என்னைப் பிடிச்சு உள்ள வச்சாங்க. அது கெடக்கட்டும். நான் கேக்கலியே. அதான்... பானையைப் பாத்ததும் கை தன்னால வாளியைத் தூக்கிருச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க பிள்ளை இருக்கிற வீட்டுக்குள்ள கேக்காம வந்தது தப்பு. மாவைக் கெடுத்ததும் தப்பு. மன்னிச்சிருங்கம்மா."

நானும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகக் கூடாது என்று நின்றேன்.

"நானும் மறைச்சேன் பாய். பட்டாசு வேலைன்னு மொத நாளே சொல்லியிருக்கணும். அது என் தப்பு. இப்ப முழுசாச் சொல்லுதேன், கேளுங்க. கம்பெனியில வேலைக்குப் போட்ட துணியை அங்கனயே மாத்திட்டுத்தான் வருவேன். தூள் பட்ட துணி வீட்டுக்குள்ள வராது. வீட்டுல உருட்டுறது வெறும் காகிதம். வாங்க, இப்பவே மேல வந்து ஒவ்வொரு மூலையாப் பாருங்க. நான் கூட இருந்து காட்டுதேன். ஆனா நான் இல்லாதப்ப யாரும் உள்ள வரக் கூடாது. மாத்துச் சாவி அக்கா கையில இருக்கட்டும். பரீட்சை முடியுற வரைக்கும் நான் காலி பண்ண மாட்டேன். இதுக்கு நீங்க சரின்னா இந்த அதிரசம் நம்ம ரெண்டு வீட்டுக்கும் பொது. இல்லைன்னா, பண்டிகைக்குக் குடுத்ததோட இருக்கட்டும்."

தட்டுக்குக் கீழிருந்து கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைப் பிரிக்கவில்லை. நாலாக மடித்துக் கிழித்து, சல்லடைக்குப் பக்கத்தில் கிடந்த குப்பையில் போட்டார். பிறகு உள்ளே பார்த்து, "நூரு, சாவியை நீ வாங்கிக்கோ" என்றார்.

மேலே வந்து பார்க்கச் சொல்லி மறுபடி கூப்பிட்டேன். "வேண்டாம்மா" என்றார். "வரத்தான் வேணும்" என்று கையோடு கூட்டிப்போனேன். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினேன். வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்தார். அந்தப் பயம் அவருக்குள் மிச்சம் இருக்கக் கூடாது என்று எனக்கு வைராக்கியம்.

தெருவில்

மீதி இருபது தட்டு இருந்தது. நானும் பவித்ராவும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். முதல் வீட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். இரண்டாம் வீட்டில், "நாங்க இனிப்புச் சாப்பிடுறதில்ல" என்றார்கள்.

மூன்றாம் வீட்டுக்குத் திரும்பும்போது பாய் சட்டை மாட்டிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்தபடி வேகமாக வந்தார். என் கையிலிருந்த தாம்பாளத்தில் பாதித் தட்டைத் தான் வாங்கிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு பாய்?"

"என் மில்லுல அரைச்ச மாவுக்கு நான்தான பொறுப்பு" என்றார்.

கதவைத் தட்டினார். "நம்ம மாடியில இருக்கிற ராணி. பட்டாசு கம்பெனியில வேலை பாக்காக. அதிரசம் செஞ்சு கொண்டாந்திருக்காக" என்றார். என்னைப் பற்றி நான் மறைத்ததை அவர் ஒவ்வொரு வாசலிலும் உரக்கச் சொன்னார். கதவுகள் திறந்தன. எல்லாம் மனதார என்று சொல்ல மாட்டேன். ஆனால் திறந்தன.

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தபோது பாயின் முகம் மாறவில்லை. "நீங்க போன்ல சொன்ன வெள்ளைப் பொடி வெந்துருச்சு, எடுத்துக்கிடுங்க" என்றார். அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். "மன்னிச்சிரு தங்கச்சி" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து முறுக்கு கொண்டுவந்து பவித்ரா கையில் திணித்தார். முதல் இரண்டு வீட்டுக்கும் கடைசியில் திரும்பப் போனோம். இரண்டாம் வீட்டுக்காரர்கள் இனிப்புச் சாப்பிட்டார்கள். முதல் வீடு திறக்கவே இல்லை. அந்தத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தோம். எல்லாக் கதவையும் ஒரே நாளில் திறந்துவிட முடியாது.

மார்ச்

பவித்ரா பரீட்சை எழுதி முடித்த மறுநாள் நான் சாமான்களைக் கட்டத் தொடங்கினேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. பாத்திரத்தை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது நூர்ஜகான் அக்கா வந்து நின்றார். கையில் ஒரு தாள், பாயின் மூக்குக் கண்ணாடி.

"புதுசா அக்ரிமெண்டு எழுதியிருக்காரு. நீங்க வரி வரியா வாசிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவீகளாம். எழுத்து பொடிசா இருக்காம், கண்ணாடியையும் குடுத்துவிட்டாரு."

எனக்குக் கண்ணாடி தேவையில்லை. ஆனாலும் போட்டுக்கொண்டு வாசித்தேன். எல்லாம் டைப் அடித்திருந்தது. குடியிருப்பவர் பெயர், வயது, ஊர். அதற்கடுத்து தொழில் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, பாய் தன் கையால் பேனாவில் எழுதியிருந்தார்.

பட்டாசுத் தொழிலாளி.

நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதியிருந்தார். அதற்குக் கீழே என் பெயரைப் போட்டேன்.